ஏகே ஸ்ப்ரேயில் கைக்கு ஒரு வேலை, காலுக்கு ஒரு வேலை

கேள்வி: கவுண்ட்டர் ஸ்ட்ரைக் 2 கேமில் ஏகே துப்பாக்கியால் விரலை எடுக்காமல் தொடர்ந்து சுடும் ஸ்ப்ரேயைச் சுவரில் அடித்து அடித்துப் பழகிவிட்டேன், அங்கே நன்றாக வருகிறது. மேட்ச்சில் மட்டும் குண்டு எங்கெங்கோ போகிறது. ஏன்?

உங்கள் கை பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். முதலில் காலைப் பாருங்கள். எனக்கு இது புரியவே பல மாதம் ஆனது.

நாம் ரீகாய்ல் என்று மொத்தமாகச் சொல்வதற்குள் இரண்டு சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று உண்மையான ரீகாய்ல். துப்பாக்கி சுடச்சுட, குண்டு போகும் திசை ஒரு குறிப்பிட்ட பாதையில் நகரும். ஏகே-47-க்கு அந்தப் பாதை ஒவ்வொரு முறையும் ஒன்றுதான். முதல் எட்டு ஒன்பது குண்டுகள் ஏறக்குறைய நேராக மேலே ஏறும், அப்புறம் பக்கவாட்டில் ஒரு பக்கம் சாய்ந்து, பிறகு மறுபக்கம் போகும். மாறாத பாதை என்பதால்தான் அதை எதிர்த்திசையில் மவுஸால் இழுத்துச் சமன் செய்ய முடிகிறது. இரண்டாவது ஸ்ப்ரெட். அந்தப் பாதையில் குண்டு போக வேண்டிய புள்ளியைச் சுற்றி ஒரு சிறிய வட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குள் குண்டு எங்கே விழும் என்பது ஒவ்வொரு முறையும் தற்செயல். எவ்வளவு பழகினாலும் மவுஸால் அதைத் திருத்த முடியாது. வட்டத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இந்த இரண்டையும் கண்ணால் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். தனியாக ஒரு மேப்பைத் திறந்து கன்சோலில் இதை அடியுங்கள்:

```
sv_cheats 1
sv_infinite_ammo 2
sv_showimpacts 1
sv_showimpacts_time 10
weapon_accuracy_nospread 1
```

கடைசி வரி ஸ்ப்ரெட்டை முழுவதுமாக நிறுத்திவிடும். மவுஸைத் தொடாமல் சுவரைப் பார்த்து முப்பது குண்டையும் காலி செய்யுங்கள். நிமிடத்துக்கு 600 குண்டு வேகம் என்பதால் மூன்று விநாடியில் முடிந்துவிடும். சுவரில் தெரிவதுதான் சுத்தமான ரீகாய்ல் பாதை. திரும்ப அடித்தால் அதே கோடு அப்படியே வரும். இப்போது அந்த வரியை 0 ஆக்கிவிட்டு அதே இடத்திலிருந்து அடியுங்கள். அதே கோடுதான், ஆனால் கொஞ்சம் கலைந்திருக்கும். பின்னால் வரும் குண்டுகள் முதலில் வந்தவற்றைவிட அதிகமாகச் சிதறியிருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு குண்டும் அடுத்த குண்டுக்கான வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்குகிறது. விட்டுவிட்டுச் சுட்டால்தான் அது மறுபடி சுருங்கும். அடுத்து, வலப்பக்கம் நகர்த்தும் D-யை அழுத்தி ஓடிக்கொண்டே அடித்துப் பாருங்கள். கோடே இருக்காது, முதல் குண்டிலிருந்தே சுவர் முழுக்கச் சிதறும்.

இந்த மூன்றாவது சுவர்தான் என்னுடைய மேட்ச். பயிற்சியில் அசையாமல் நின்று சுட்டேன். மேட்ச்சில் மூலையிலிருந்து எட்டிப் பார்த்து, ஆளைக் கண்டதும் சுட்டேன், அந்த நொடியில் விரல் இன்னும் D-யின் மேல் இருந்தது. கையோ பழகியபடி அழகாகக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. குண்டு போகும் இடமே தற்செயலாகிவிட்ட பிறகு இழுப்பது சரியாக இருந்து என்ன பயன்?

எண்ணாகச் சொன்னால், ஏகேயைக் கையில் வைத்து ஓடும்போது அதிகபட்ச வேகம் 215. அதில் 34 சதவீதத்துக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய 73-க்குக் கீழே வந்துவிட்டால் நின்று சுடுவதற்குச் சமமான துல்லியம் கிடைக்கும். முழுதாக நிற்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் D-யை விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் வேகம் மெதுவாகத்தான் குறையும், அவசரத்தில் நாம் அதற்குள் சுட்டுவிடுவோம். D-யை விட்டதும் எதிர்ப்பக்கச் சாவியான A-யை ஒரு தட்டுத் தட்டினால் வேகம் சட்டென்று விழும். இதைத்தான் கவுண்ட்டர் ஸ்ட்ரேஃப் என்கிறோம். `cl_showpos 1` போட்டால் வேகம் திரையில் ஓடும். நான் ஒரு வாரம் ஸ்ப்ரேயைத் தொடவே இல்லை. பக்கவாட்டில் ஓடுவது, எதிர்ச்சாவியைத் தட்டுவது, ஒரே ஒரு குண்டு சுடுவது, அந்த எண்ணைப் பார்ப்பது, இவ்வளவுதான். எண் 73-க்குக் கீழே இருக்கும்போது சுவரில் புள்ளி கிராஸ்ஹேர் இருந்த இடத்திலேயே விழுந்தது. மேலே இருந்தபோது எங்கோ போனது.

சரி, கால் நின்ற பிறகும் குண்டு விலகினால்? அப்போது விலகிய விதத்தைப் பாருங்கள். குண்டுகள் ஒன்றாகக் கூடி ஒரே பக்கமாக, உதாரணத்துக்கு எப்போதும் தலைக்கு மேலேயே போனால், கை குறைவாக இழுக்கிறது. எப்போதும் நெஞ்சுக்குக் கீழே போனால் அதிகமாக இழுக்கிறது. ஒழுங்கே இல்லாமல் நாலாபுறமும் சிதறினால் அது ஸ்ப்ரெட். கால் நிற்கவில்லை, அல்லது அந்தத் தூரத்துக்கு நீளமாக அடித்துவிட்டீர்கள். ஒரு திசை தெரிந்தால் கை, திசையே இல்லாவிட்டால் கால். இதை வைத்துத்தான் நான் என் பதிவுகளைப் பார்க்கிறேன்.

தூரத்தைப் பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது: எதிரி தொலைவில் நின்றால் மவுஸை இன்னும் அதிகமாக இழுக்க வேண்டும் என்று. வேண்டாம். ரீகாய்ல் என்பது கோணம். பத்தடியில் நிற்பவருக்கும் நூறடியில் நிற்பவருக்கும் இழுக்கும் அளவு ஒன்றேதான். மாறுவது சிதறலின் அகலம். தூரம் இரண்டு மடங்கானால் அந்த வட்டமும் இரண்டு மடங்கு அகலமாகிறது, எதிரியின் தலையோ அதே அளவுதான். கிட்டத்தில் முப்பது குண்டும் வேலை செய்யும். நடுத்தூரத்தில் நான் பத்துக்கு மேல் போவதில்லை. அதற்கும் அப்பால் இரண்டு மூன்று குண்டு அடித்துவிட்டு, அரை விநாடி விட்டு, மறுபடி.

அதனால் முப்பதையும் மனப்பாடம் செய்வதில் நேரம் செலவழிக்காதீர்கள். முதல் பத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பக்கவாட்டு ஆட்டம் அநேகமாகக் கிடையாது, கீழே இழுக்கும் வேகம் சரியாக இருந்தால் போதும். இழுக்கும்போது கிராஸ்ஹேரைப் பார்க்காதீர்கள், சுவரில் குண்டு விழும் இடத்தைப் பாருங்கள். திரை குலுங்குவது உண்மையான ரீகாய்லில் ஒரு பகுதியைத்தான் காட்டுகிறது, கிராஸ்ஹேர் இருக்கும் இடத்தைவிட மேலேதான் குண்டு போகும். தலையில் பட வேண்டுமென்றால் கடைசியில் கிராஸ்ஹேர் எதிரியின் தலைக்கு நன்றாகவே கீழே இறங்கியிருக்கும். கிராஸ்ஹேரைத் தலையிலேயே வைத்திருக்கப் பார்ப்பவர்களுக்குக் குண்டு மேலேயே போவது இதனால்தான். செட்டிங்ஸில் கிராஸ்ஹேரை ரீகாய்லோடு நகரச் செய்யும் வசதி இருக்கிறது. பாதையைப் புரிந்துகொள்ள ஓரிரு நாள் போட்டுப் பார்க்கலாம்.

பழகும் காலத்தில் சென்சிட்டிவிட்டியை மாற்றவே மாற்றாதீர்கள். கை மனதில் வைத்துக்கொள்வது மவுஸ் நகரும் தூரத்தை. சென்சிட்டிவிட்டியை இரட்டிப்பாக்கினால் அதே இழுப்புக்குப் பாதித் தூரம்தான் நகர்த்த வேண்டும், முன்பு பழகியது உடனே பொய்த்துவிடும்.

இன்னொரு கேமுக்குப் போனால் இதை அப்படியே எடுத்துப் போகவும் முடியாது. வேலரன்ட்டில் முதல் சில குண்டுகள் மேலே ஏறுவது இதைப் போலத்தான், ஆனால் அதன் பிறகு பக்கவாட்டில் எப்போது திசை திரும்பும் என்பது தற்செயல். அங்கே கீழே இழுப்பதை மட்டும் பழகிக்கொண்டு, பக்கவாட்டு ஆட்டத்தைக் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும், அல்லது அந்தக் கட்டம் வருவதற்குள் விரலை எடுத்துவிட வேண்டும். நான் விரலை எடுத்துவிடுகிறேன்.