வாட் தேடி வருகிறவரிடம் என்ன கேட்பது?

கேள்வி: மலையகத்து அரச ஆஸ்பத்திரி ஒன்றில் எங்கள் சங்கத்தின் மூலம் வழிகாட்டும் தொண்டு செய்கிறேன். பதறி வருகிற சொந்தக்காரர்களிடம் போய்ப் பேசினால் சிலர் எரிந்து விழுகிறார்கள், சிலர் அழத் தொடங்கிவிடுகிறார்கள். பேசாமல் நின்றால் வழி தெரியாமல் அலைகிறார்கள். எப்படிப் பேசுவது அக்கா?

பதில்: தங்கச்சி, "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்காதீர்கள். பஸ்ஸில் வந்த நேரமெல்லாம் அடக்கி வைத்திருந்ததை அந்த ஒரு கேள்வி நடைபாதையிலேயே கொட்ட வைத்துவிடும். சுவரோரம் நின்று, "வாங்கம்மா, எங்க போகணும்?" என்று கேளுங்கள். அதற்கு ஓர் இடத்தைச் சொன்னால் போதும். நோயைச் சொல்ல வேண்டியதில்லை. அவர் தலையசைத்துவிட்டு நடந்தால் விட்டுவிடுங்கள், பின்னால் போகாதீர்கள்.

இடம் தெரியாதவர்கள்தான் அதிகம். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டிய ஒரு பெண்ணைத் தோட்டத்து லொறியில் கொண்டுவந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் வந்த மாமியார் "எங்க ராசாத்தி எங்க?" என்கிறார். கொப்பியில் ராசாத்தி என்று யாரும் இல்லை. அடையாள அட்டையில் அவள் லெட்சுமி. வீட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்பது நம் தோட்டங்களில் வழக்கம். இதனாலேயே எத்தனை பேர் வாட் வாட்டாக ஏறி இறங்கியிருக்கிறார்கள்! "ஐடென்டி கார்டுல என்ன பேரும்மா? எந்தத் தோட்டம்? எப்ப கொண்டுவந்தாங்க?" இந்த மூன்றும் போதும். இப்போதுதான் கொண்டுவந்தார்கள் என்றால் அவள் இன்னும் அவசர சிகிச்சைப் பிரிவில்தான் இருப்பாள். நேரமாகியிருந்தால் அனுமதிக்கும் கவுன்டரில் வாட் இலக்கம் கிடைக்கும்.

"குளவி கொட்டினால் அந்த வாட்தான்" என்று நீங்களாகச் சொல்லி அனுப்பாதீர்கள். புதிய நோயாளரை வாட்டுகள் நாள் வைத்து மாறி மாறி எடுக்கும். நேற்று சரியாக இருந்தது இன்றைக்குப் பிழையாகும்.

வழி சொல்லும்போது அடுத்த திருப்பம் வரைக்கும் சொல்லுங்கள். "அந்தப் படி வரைக்கும் போங்க, அங்க நிக்கிற மிஸ்கிட்ட கேளுங்க." பதற்றத்தில் இருப்பவருக்கு நான்கு திருப்பம் நினைவில் நிற்காது. "ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்ல வேண்டாம். குளவி விஷம் சிலருக்குச் சில மணி நேரம் கழித்தும் திரும்பக் கடுமையாகும், அதனால்தான் வாட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். நல்ல சேதியோ கெட்ட சேதியோ, அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்.

கூடவே நடந்து போகாதீர்கள் என்பது என் பொதுவான சொல். ஆனால் தனியாக வந்து, கையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதிய துண்டை வைத்துக்கொண்டு, வாசிக்கத் தெரியாமல் நிற்பவரோடு கட்டாயம் போங்கள். துண்டை அவர் நீட்டினால் மட்டும் வாங்குங்கள். வாட் இலக்கத்தைப் பார்த்துவிட்டு உடனே அவர் கையில் திருப்பிக் கொடுங்கள். மற்ற வரிகள் உங்களுக்கல்ல. அரை அடி பின்னால் நடங்கள், கதை கேட்காதீர்கள். வாட் வாசலில் தாதியிடம், "இவங்களுக்குத் தமிழ் மட்டுந்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். உள்ளே நின்று டாக்டர் சொல்வதை மொழிபெயர்க்கும் பொறுப்பை ஏற்காதீர்கள். ஒரு சொல் பிழைத்தாலும் சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும் துண்டில் பிழையான கையெழுத்து விழும். 1987இல் அரசியலமைப்பிலேயே தமிழும் அரசகரும மொழியென்று எழுதியாகிவிட்டது. இன்னும் வாட்டில் ஒரு தமிழ் பேசும் ஆளைப் போட மனமில்லை. வாட்டை இடம் மாற்றுகிறார்கள், பலகை பழைய சுவரிலேயே தொங்குகிறது. யாரிடம் சொல்லியும் ஆகவில்லை.

எல்லாவற்றையும் விட நான் பயப்படுவது தரகர்களுக்குத்தான். நீங்கள் தயங்கி நிற்கும் இடத்தில் அவன் தயங்க மாட்டான். "டாக்டரை எனக்குத் தெரியும், ஐயாயிரம் குடுங்க, கட்டில் எடுத்துத் தாறேன்" என்பான். அரச ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குக் காசில்லை. வெளியே ஏதும் பரிசோதனை, மருந்து தேவையென்றால் வாட்டிலிருந்து துண்டு எழுதித் தருவார்கள். அந்தத் துண்டைப் பறித்துக்கொண்டு தனக்குப் பங்கு தரும் லேப்புக்கு இழுத்துப் போகிறவன் இருக்கிறான். தீவிர சிகிச்சைப் பிரிவு வாசலில், உயிர் இருக்கும்போதே மலர்சாலைக்கு ஆள் பிடிக்கிறவனும் இருக்கிறான். எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே அடையாள அட்டையை வாங்கப் பார்ப்பார்கள்.

அப்படி ஒருவன் பக்கத்தில் நிற்பதைக் கண்டால் அவனோடு வாதாடாதீர்கள். சொந்தக்காரரைப் பார்த்து, "அம்மா, கார்டையும் துண்டையும் வாட்டு மிஸ்கிட்ட மட்டும் குடுங்க" என்று அவன் காதிலும் விழும்படி சொல்லுங்கள். பிறகு வாசல் பாதுகாப்பு ஊழியரிடம் ஆளைக் காட்டிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக் காரியாலயத்தில் நேரத்தையும் இடத்தையும் எழுதிக் கொடுங்கள்.