சரசர, விண்விண், தகதக: ஆங்கிலத்தில் எங்கே போகின்றன?

கேள்வி: ஒரு தமிழ்ச் சிறுகதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். பாம்பு சரசரவென்று ஓடுகிறது, தலை விண்விண்ணென்று தெறிக்கிறது, தங்கக் கிண்ணம் தகதகவென்று மின்னுகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் சப்பென்று ஆகிவிடுகிறது. ஒலியை அப்படியே ஆங்கில எழுத்தில் போட்டுவிடலாமா? (ஒரு வாசகி, கோவை)

பதில்: கதை சொல்பவரின் நடையில் போடாதீர்கள். ஆங்கிலத்தில் சொல்லை இரட்டித்து ஒலியைக் காட்டும் வழக்கம் உண்டு. ‘டிக்-டாக்’, ‘பிட்டர்-பாட்டர்’ போன்றவை. ஆனால் அவற்றில் பல குழந்தைப் பேச்சோடும் குழந்தைப் பாட்டோடும் ஒட்டியவை. தமிழில் தீவிரமான ஒரு கதையில் ‘சரசரவென்று’ வந்தால் யாருக்கும் உறுத்தாது. அதையே ஆங்கிலத்தில் எழுத்துப்பெயர்த்தால் உங்கள் கதைசொல்லி திடீரென்று மழலை பேசுவதுபோல் ஆகிவிடும்.

இந்தச் சொற்களை நம் இலக்கணம் பிரிக்காதே என்கிறது. ‘இரட்டைக்கிளவி இரட்டிற் பிரிந்து இசையா’ என்பது தொல்காப்பியச் சூத்திரம். ‘சரசர’வில் ஒரு ‘சர’வை மட்டும் எடுத்து அகராதியில் பொருள் தேடினால் இங்கே உதவாது. தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் ஒன்று எளிமையாக நிற்கும்: ஓடியது, வலித்தது, மின்னியது. எப்படி என்பதை இந்தச் சொல்லும் ‘என்று’ம் சேர்ந்து சொல்லும். ஆங்கிலத்தில் அந்த ‘எப்படி’ பெரும்பாலும் வினைக்குள்ளேயே அடங்கியிருக்கும். உங்கள் மொழிபெயர்ப்பு சப்பென்று ஆவதற்குக் காரணம் அநேகமாக இதுதான்: ‘ஓடியது’ என்பதற்கு ஒரு வினை, ‘சரசர’வுக்கு ஒரு வினையடை என்று இரண்டாகத் தேடுகிறீர்கள்.

பாம்பை எடுத்துக்கொள்வோம். ‘சருகில் பாம்பு சரசரவென்று ஓடியது.’ ஆங்கிலத்தில் ‘ரஸில்’ என்ற வினையே ஓசையைச் சொல்லிவிடும். பக்கத்தில் ‘த்ரூ’ என்று போட்டால் ஓட்டமும் வந்துவிடும். ‘எ ஸ்நேக் ரஸில்ட் த்ரூ த டிரை லீவ்ஸ்.’ ‘ரன்’னும் வேண்டாம், வினையடையும் வேண்டாம். ஆனால் அதே கதையில் ‘பையன் சரசரவென்று மரத்தில் ஏறினான்’ என்று வந்தால் ‘ரஸில்’ தப்பு. அங்கே சருகும் இல்லை, ஓசையும் இல்லை. வேகம் மட்டும்தான் இருக்கிறது. ‘ஸ்கிராம்பிள்ட் அப்’ என்பது பொருந்தும். ‘சலசல’வும் இப்படித்தான் பிரியும். பனங்காட்டு நரி அஞ்சாத சலசலப்பு ஓலையின் ஓசை, அது ‘ரஸில்’. ஓடைத் தண்ணீர் சலசலத்தால் ‘பாபிள்’ அல்லது ‘மர்மர்’. கூட்டத்தில் எழும் சலசலப்புக்கு ‘ஸ்டிர்’ கூடச் சரியாக வரும். எது ஓசை எழுப்புகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆங்கில வினையைத் தேட வேண்டும்.

வலிக்கு வந்தால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டியிருக்கிறது, நான் இதையே முக்கியமாக நினைக்கிறேன். தமிழ்ச் சொல்லின் வடிவமே நேரத்தைக் காட்டிவிடுகிறது. ‘நெஞ்சு திக்கென்றது’ என்றால் ஒரே ஓர் அதிர்வு, அதோடு முடிந்தது. ‘திக்திக்கென்று அடித்துக்கொண்டது’ என்றால் பயம் இன்னும் தீரவில்லை. ‘சுரீரென்று’ வலித்தால் ஒரு நொடியில் பாய்ந்து போன வலி. ‘சுருக்கென்று’ என்றால் ஊசி முனை அளவுக்குச் சின்னது. ‘விண்விண்’ நாடித்துடிப்போடு சேர்ந்து விட்டுவிட்டு வருவது. இரட்டித்தால் தொடர்ச்சி, ஒற்றையாக நின்றால் திடீர். எல்லாச் சொல்லுக்கும் இது அச்சுப்பிசகாமல் பொருந்தாது, ஆனாலும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

ஆங்கிலத்தில் அந்த நேரக் கணக்கு சில வினைகளுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ‘த்ராப்’ என்றாலே விட்டுவிட்டுத் துடிப்பதுதான். எனவே ‘விண்விண்ணென்று தெறித்தது’ என்பதற்கு ‘ஹெர் ஹெட் த்ராப்ட்’ போதும். அதோடு ‘ரிதமிக்கலி’ என்றெல்லாம் சேர்த்தால் சொன்னதையே திரும்பச் சொல்வதாகும். ‘சுரீர்’ வரும் இடத்தில் வலியையே எழுவாய் ஆக்கிவிடுங்கள்: ‘எ பெய்ன் ஷாட் த்ரூ ஹெர் ஹெட்.’ நெஞ்சு திக்கென்றால் ‘லர்ச்ட்’, திக்திக்கென்றால் ‘கெப்ட் பவுண்டிங்’, படபடத்தால் ‘ஃபிளட்டர்ட்’.

வலிக்கு ஆங்கிலத்தில் சொல் குறைவு என்று நினைக்க வேண்டாம். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரொனால்ட் மெல்சாக் 1975-ல் வெளியிட்ட வலி வினாப்பட்டியலில் 78 சொற்கள் 20 குழுக்களாக இருக்கின்றன. முதல் குழுவில் மட்டும் ‘ஃபிளிக்கரிங்’, ‘குவிவரிங்’, ‘பல்சிங்’, ‘த்ராபிங்’, ‘பீட்டிங்’, ‘பவுண்டிங்’ என்று ஆறு. துடிப்பு ஏற ஏறச் சொல் மாறுகிறது. மொழிபெயர்க்கும்போது இந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நிஜமாகவே உதவும். ஆனால் ‘கால் மதமதவென்று இருக்கிறது’ போன்றவற்றுக்கு ஒற்றைச் சொல் கிடைக்காது. மரத்தும் மரக்காமலும் கனமாக இருக்கும் அந்த உணர்வை ‘திக் அண்ட் ஹாஃப்-நம்ப்’ என்று விரித்துத்தான் எழுத வேண்டும். அப்படி விரிப்பதில் தப்பே இல்லை.

கடைசியாகக் கிண்ணம். ‘கிளிட்டர்’ என்று எழுதியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ‘கிளிட்டர்’ பல சின்னப் புள்ளிகளாக மின்னுவது. சரிகைப் புடவைக்கும் கல் பதித்த நகைக்கும் சரி. தகதக என்பதோ பொன்னிலும் நெருப்பிலும் காண்கிற, அனல் கலந்த ஒரே பரப்பான ஒளி. கிண்ணம் வெயிலில் இருந்தால் ‘பிளேஸ்ட்’, விளக்கொளியில் இருந்தால் ‘குளோட்’. துலக்கிய பாத்திரத்தின் பளபளப்புக்கு ‘கிளீம்’. எண்ணெய் தடவிய முகம் மினுமினுத்தால் ‘கிளிஸ்ன்’, அதில் ஈரத்தின் சாயல் இருக்கிறது. கத்தி ஒரு கணம் பளிச்சிட்டால் ‘கிளிண்ட்’. ‘பிளேஸ்ட்’ தவிர இவை எல்லாம் ‘ஜி-எல்’ என்ற ஒரே ஒலியில் தொடங்குவதைக் கவனித்தீர்களா? ஒலியால் ஒளியைத் தீட்டும் பழக்கம் ஆங்கிலத்துக்கும் இருக்கிறது. நம்மைப்போல் சொல்லை இரட்டிக்காமல் முதலெழுத்துகளில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தில் பத்து இரட்டைக்கிளவி வந்தால் பத்துக்கும் ஈடு தேட வேண்டாம். ‘மளமளவென்று வேலையை முடித்தாள்’ என்பதில் உள்ள வேகத்தை வாக்கியத்தைக் குறுக்கியே காட்டிவிடலாம். அப்புறம், கதையில் குழந்தை ஒன்று ‘மழை சோன்னு பெய்யுது’ என்று சொன்னாலோ, பாத்திரம் ஒன்று அந்த ஓசையையே நடித்துக் காட்டினாலோ, அங்கே தாராளமாகத் தமிழ் ஒலியை அப்படியே எழுதுங்கள். அது பேசுகிறவரின் வாயிலிருந்து வருவது. சாய்வெழுத்தும் அடிக்குறிப்பும் வேண்டாம். முன்பின் வாக்கியத்தில் மழை இருந்தால் வாசிப்பவருக்குப் புரிந்துவிடும்.