ஆறு குடம் தண்ணீரும் ஒரு சுற்று நடையும்

கேள்வி: அக்கா, எனக்கு 50 வயது. அனுப்பானடியில் மாடி வீட்டில் குடியிருக்கிறோம். போன மாதம் பார்த்ததில் பிரஷர் 146/94. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் கிட்டத்தட்ட அதேதான். “இப்ப மாத்திரை வேண்டாம். மூணு மாசம் உப்பைக் குறைச்சு, நடந்து, லேசா உடற்பயிற்சி செஞ்சுட்டு வாங்க” என்று டாக்டர் சொன்னார். தெப்பக்குளத்தை முதல் நாளே மூன்று சுற்று சுற்றினேன். மறுநாள் முட்டி வலி, விட்டுவிட்டேன். நான் வீட்டில் சும்மா இருப்பவள் இல்லை. காலை ஐந்து மணிக்குக் கீழே குழாயில் தண்ணீர் வரும். ஆறு குடம் மாடிக்குத் தூக்குவேன். நாலாவது குடத்தில் லேசாகக் கண் இருட்டும், சுவரைப் பிடித்துக் கொஞ்சம் நின்றால் சரியாகிவிடும். வீட்டுக்காரர் அதற்குள் மாட்டுத்தாவணிக்குப் பூ எடுக்கப் போயிருப்பார். மகனுக்கு 23 வயது, போட்டித் தேர்வுக்கு ராத்திரி முழிச்சுப் படிக்கிறான், எழுப்ப மனசு வராது. இந்த வேலையே உடற்பயிற்சி ஆகாதா? ஆகாது என்றால் எப்படி ஆரம்பிப்பது?
– வாசகி, மதுரை

பதில்: “லேசாகக் கண் இருட்டும்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நிற்கிறேன். இதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் அவர் வெறும் நடையும் உப்பும் பேசி அனுப்பியிருக்க மாட்டார்.

பாரம் தூக்கும்போது கண் இருட்டினால் அதற்குக் காரணம் பல இருக்கலாம். வெறும் வயிறாக இருக்கலாம். மாதவிடாய் நிற்கிற வயதில் அதிகமாக ரத்தம் போய், ரத்தசோகை வந்திருக்கலாம். இதயத் துடிப்பிலோ வால்விலோ கோளாறு இருக்கலாம். எது என்று கடிதத்தைப் பார்த்து நான் சொல்ல முடியாது, நீங்களும் ஊகிக்கக் கூடாது. இந்த வாரமே அதே டாக்டரிடம் போய் எத்தனையாவது குடத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அப்போது நெஞ்சு படபடக்கிறதா என்று விவரமாகச் சொல்லுங்கள். ஒரு ஈசிஜி, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, உட்கார்ந்தும் எழுந்து நின்றும் பிரஷர், இவ்வளவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதுவரை குடம் தூக்க வேண்டாம்.

எந்தக் கோளாறும் இல்லை என்று வந்தாலும் உங்கள் கேள்விக்குப் பதில் ஒன்றுதான். குடம் தூக்குவது உங்களுக்கு உடற்பயிற்சி ஆகாது. பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடிக்கும், அதாவது 15 கிலோ. அதைத் தரையிலிருந்து தூக்கி இடுப்பில் வைக்கும்போது என்ன செய்கிறீர்கள்? மூச்சை உள்ளே இழுத்து, தொண்டையை அடைத்து, வயிற்றை இறுக்கி “ம்” என்று தூக்குகிறீர்கள். படியிலும் பாதிக்கு மேல் அந்த இறுக்கம் விடுவதில்லை. மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும் அந்தச் சில நொடிகளில் பிரஷர் சட்டென்று மேலே ஏறுகிறது. குடத்தை இறக்கி மூச்சை விட்டதும் கீழே இறங்குகிறது. உங்களுக்குக் கண் இருட்டுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே 146 காட்டுகிற உடம்பை ஒரே காலையில் ஆறு தடவை இப்படி ஏற்றி இறக்குகிறீர்கள். நடை வேறு மாதிரி வேலை செய்கிறது. சீராக, நிறுத்தாமல், கால் தசைகள் நன்றாக இயங்கும்போது ரத்தக்குழாய்கள் தளர்ந்து விரிகின்றன. நடந்து முடித்த பிறகும் சில மணி நேரம் பிரஷர் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும். வாரம் முழுக்க அது தொடர்ந்தால்தான் பலன் நிலைக்கும்.

இப்போது மகன் விஷயம். 23 வயதுப் பிள்ளை கட்டிலில் படுத்திருக்க, 50 வயதுத் தாய் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இதைப் பாசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆறு குடம் அவனுக்குக் கால்மணி நேர வேலை. ராத்திரி படித்தால் ஐந்து மணிக்கு எழுந்து தூக்கி வைத்துவிட்டு மறுபடி படுக்கட்டும். அம்மாவுக்குக் கண் இருட்டுவது அவனுக்குத் தெரியுமா? தெரியாமல் வைத்திருப்பது உங்கள் தப்பு. தெரிந்தும் தூங்கினால் அது அவன் தப்பு. வீட்டுக்காரரும் பூ எடுக்கக் கிளம்புவதற்கு முன் மற்ற வேலையில் ஒன்றைக் கையில் வாங்கலாம். குடும்பத்துக்காக உழைப்பது பெருமைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் உடம்புக்கு வந்ததை வீட்டாரிடம் சொல்வதும் அதே குடும்பத்துக்கு நீங்கள் செய்ய வேண்டிய கடமை. மகன் ஊரில் இல்லாத நாளில் அரைக்குடமாகப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே தூக்கி, நடுப்படியில் நின்று போங்கள். அதுவும் டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகு.

குடம் கையை விட்டுப் போனால் காலை நேரம் உங்களுடையது. தெப்பக்குளத்துக்கே போங்கள், அதைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குப் பக்கத்தில் கிடையாது. ஒரு கரை ஏறத்தாழ 300 மீட்டர், ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். நீங்கள் முதல் நாளே மூன்று சுற்று, அதாவது மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நடந்திருக்கிறீர்கள். ரப்பர் செருப்பு வேறு போட்டிருப்பீர்கள். முட்டி வலிக்காமல் என்ன செய்யும்? குதிகால் பிடிப்புள்ள ஒரு ஷூ வாங்குங்கள். சேலையோ சுடிதாரோ, காலைத் தடுக்காமல் இருந்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் ஒரே ஒரு சுற்றுதான், வாரத்தில் ஐந்து நாள். முதல் கரை மெதுவாக. அடுத்த இரண்டு கரை கொஞ்சம் வேகமாக. கடைசிக் கரை மறுபடி மெதுவாக. வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். கூட வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் நிறுத்தாமல் பேச வர வேண்டும், பாட்டுப் பாட மூச்சு பத்தக் கூடாது. வாக்கியம் பாதியில் உடைந்தால் வேகத்தைக் குறையுங்கள். கடைசிக் கரையை மெதுவாக நடக்கச் சொல்வது சும்மா இல்லை. வேகமாக நடந்து சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கித் தலை சுற்றும். உங்களுக்கு அந்தக் கரை கட்டாயம்.

மூன்றாம் நான்காம் வாரம் ஒரு சுற்று முடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இன்னொரு சுற்று முழுவதும் மெதுவாக. முட்டி மறுநாள் காலை வரை வலித்தால் இரண்டாவது சுற்றைத் தள்ளிப் போடுங்கள். ஐந்தாம் வாரத்திலிருந்து உட்காராமல் இரண்டு சுற்று: முதல் கரையும் கடைசிக் கரையும் மெதுவாக, நடுவில் ஆறு கரை வேகமாக. அரைமணி நேரம் வரும். ஐந்து நாளுக்கு இரண்டரை மணி நேரம். பிரஷருக்குப் பொதுவாகச் சொல்லும் வாராந்தர அளவு அதுதான், மூன்றாவது சுற்றுக்கு அவசரப்பட வேண்டாம். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கெல்லாம் நடையைத் தொடங்கிவிடுங்கள். எட்டு மணி வெயிலில் நடக்காதீர்கள், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். சாயங்காலம் அங்கே வண்டியும் தள்ளுவண்டிக் கடையும் கூட்டமும் இருக்கும், சீராக நடக்க முடியாது.

தசைக்கான பயிற்சி வாரம் இரண்டு நாள் போதும், செவ்வாயும் சனியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈசிஜி பார்த்து டாக்டர் சரி என்ற பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். அப்புறம் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, இரண்டு உள்ளங்கையையும் மார்பு உயரத்தில் சுவரில் வைத்து, முழங்கையை மடக்கிச் சாய்ந்து, தள்ளி நிமிருங்கள். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். கடைசியாக, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கு ஒன்றாகப் பிடித்து, முழங்கையை மடக்கித் தோள் வரை கொண்டுவந்து இறக்குங்கள். ஒவ்வொன்றும் எட்டு தடவை, நடுவில் ஒரு நிமிடமாவது ஓய்வு. இரண்டு வாரம் கழித்து இதே வரிசையை இரண்டு முறை செய்யலாம்.

இதில் ஒரு விதியை மட்டும் மீறக் கூடாது. எழும்போதும் தள்ளும்போதும் தூக்கும்போதும் மூச்சு வெளியே போக வேண்டும், இறங்கும்போது உள்ளே வர வேண்டும். குடம் தூக்கிப் பழகிய உடம்பு தானாக மூச்சை அடைக்கும். அதனால் “ஒண்ணு, ரெண்டு” என்று வாய்விட்டு எண்ணுங்கள். சத்தமாக எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. ஏழாவது எட்டாவது தடவை கொஞ்சம் கஷ்டமாக இருந்தால் சரியான அளவு. எண்ணும் குரல் அடைபட்டாலோ, முகம் சூடாகித் தலை ‘விண்விண்’ என்றாலோ பாரம் அதிகம், பாட்டிலில் பாதித் தண்ணீர் ஊற்றுங்கள். குப்புறக் கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பை விறைப்பாக நிறுத்தும் ‘பிளாங்க்’ பயிற்சியும், கனமான தம்பெல்லும் இப்போது வேண்டாம்.

காலையில் பிரஷர் 180/110ஐத் தொட்டிருந்தால் அன்று பயிற்சி இல்லை, டாக்டரிடம் போக வேண்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினாலோ, மயக்கம் வந்தாலோ, ஒரு கை மரத்தாலோ, பேச்சு குழறினாலோ வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்க்காதீர்கள். அங்கேயே உட்கார்ந்து 108ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

மூன்று மாதம் முடிவில் அளக்கப் போகும்போது, மாடி ஏறிய கையோடு அளக்காதீர்கள். அரைமணி நேரத்துக்கு முன்பே காபியை நிறுத்தி, சிறுநீர் கழித்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்து இரண்டு முறை பார்க்கச் சொல்லுங்கள். ஒழுங்காக நடந்தால் மேல் எண் 5 முதல் 8 வரை குறையலாம். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்திருந்தால் இன்னும் கொஞ்சம். 146 அப்படி 140க்குக் கீழே வந்துவிடலாம், வராமலும் போகலாம். வராவிட்டால் டாக்டர் எழுதித் தரும் மாத்திரையை அன்றைக்கே தொடங்குங்கள், தெப்பக்குள நடையையும் அதோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.