மைனஸ் போச்சு, மார்க்கும் போச்சு: ரீசெக் கேட்கலாமா?

கேள்வி: சார், 1 மோல் தண்ணி 0°C-ல உறையும்போது என்ட்ரோப்பி மாற்றம் என்னன்னு கேட்டிருந்தாங்க. 6010-ஐ 273-ஆல வகுத்து +22 J/K-ன்னு எழுதினேன். நம்பர் கரெக்ட், மைனஸ் மட்டும் போடல, அதுக்குப் போய் 3 மார்க்கும் காலி. டீச்சருக்கு லெட்டர் எழுதப்போறேன், எப்படி எழுதறது?

பதில்: முதல்ல "சைன் மட்டும்தானே மிஸ்"ங்கற வார்த்தை லெட்டர்ல வரவே கூடாது. ΔS = q/T-ல q தண்ணியோட பக்கத்துல இருந்து பார்த்த வெப்பம், உறையும்போது தண்ணி வெப்பத்தை வெளிய விடுது, அதனால q = −6010 J, விடை −22 J/K. நீங்க எழுதின +22 ஐஸ் உருகறதுக்கான விடை, அதாவது கேட்டதுக்கு நேர் எதிரான மாற்றத்துக்கு பதில் சொல்லியிருக்கீங்க, அதனால கடைசி விடைக்கான மார்க் திரும்ப வராது.

ஆனா பேப்பரை எடுத்து இன்னொரு தடவை பாருங்க, ஏன்னா +22-க்கும் இந்தக் கணக்குல ஒரு இடம் இருக்கு. தண்ணி விட்ட அதே 6010 J சுற்றுப்புறத்துக்குத்தான் போகுது, 0°C-ல மீள் மாற்றம்ங்கறதால சுற்றுப்புறத்தோட ΔS சரியா +22, ரெண்டையும் கூட்டினா பூஜ்யம். நீங்க பக்கத்துல "சுற்றுப்புறம்"னு எழுதியிருந்து, கேள்வியும் எதோட என்ட்ரோப்பின்னு தெளிவா சொல்லாம இருந்தா, அப்போ நியாயமா பேசலாம். அப்படி எதுவும் எழுதலைன்னா இப்போ போய் "நான் மனசுல சுற்றுப்புறத்தைத்தான் நினைச்சேன்"னு சொல்லாதீங்க, படிக்கறவங்களுக்கு உடனே தெரிஞ்சிடும்.

மிச்சம் இருக்கறது ஸ்டெப் மார்க். ஃபார்முலா எழுதியிருக்கீங்க, 0-வை 273-ஆ மாத்தியிருக்கீங்க, யூனிட்டும் போட்டிருக்கீங்க. லெட்டர் இவ்வளவு இருந்தா போதும்:

"வணக்கம் மேம். 4-வது கேள்வியில் என் விடை −22 J/K என்று இருந்திருக்க வேண்டும், +22 என்று எழுதியது தவறு என்று புரிகிறது. ஃபார்முலாவும், வெப்பநிலையைக் கெல்வினில் போட்ட வரியும் சரியாக இருப்பதாக நினைக்கிறேன். அவற்றுக்கு ஸ்டெப் மார்க் உண்டா என்று ஒருமுறை பார்க்க முடியுமா? விடைத்தாளை இணைத்துள்ளேன்."

மதிப்பீட்டு முறையில ஸ்டெப்புக்கு மார்க்கே இல்ல, கடைசி விடைக்கு மட்டும்தான்னு இருந்தா இந்த லெட்டரும் வேலை செய்யாது.

கேள்வி: எங்க பழைய புக்ல வாயு செய்யற வேலை பிளஸ், இப்போ கிளாஸ்ல மைனஸ். அதனாலதான் ΔS சைன் மாறிடுச்சுன்னு எழுதினா ஒத்துக்குவாங்களா?

பதில்: ஒத்துக்க மாட்டாங்க. மரபு ரெண்டா இருக்கறது வேலைக்கு மட்டும்தான், ஒண்ணுல ΔU = q − w, இன்னொண்ணுல ΔU = q + w. உள்ள வர வெப்பம் ரெண்டுலயும் பிளஸ், ΔS அந்த q-ஐ வெச்சு வரதால எந்த புக்கை எடுத்தாலும் ஒரே சைன்தான். உங்க தப்பு எங்க நடந்திருக்கும்னு சொல்றேன்: வெப்பநிலை மாறாம விரியற இலட்சிய வாயுவுக்கு ΔU = 0, புது முறையில w மைனஸா கண்டுபிடிச்சுட்டு பழைய ஃபார்முலாவுல போட்டா q = w-ன்னு மைனஸ் ஆயிடும், கூடவே ΔS-ம் மைனஸ் ஆயிடும். வாயு விரியுது, வெப்பநிலையும் குறையல, அப்புறம் எப்படி அதோட என்ட்ரோப்பி குறையும்? w-க்கு மார்க் போயிருந்தா மட்டும் மரபைச் சொல்லிக் கேளுங்க.

கேள்வி: அம்மோனியா உருவாகற வினைக்கு ΔS-ஐ +198.7 J/K-ன்னு தப்பா எழுதி, அதை வெச்சே ΔG போட்டேன். ரெண்டு இடத்துலயும் மார்க் வெட்டிட்டாங்க, இது ஒரே தப்புதானே?

பதில்: இது கேட்க வேண்டிய கேஸ்தான். 4 மோல் வாயு 2 மோல் ஆகுது, அதனால ΔS = −198.7, அந்த மார்க் போனது போனதுதான். அடுத்த வரியில ΔG = ΔH − TΔS-ல உங்க நம்பரை ஒழுங்கா போட்டு 298 K-ல −92.2 − 59.2 = −151.4 kJ-ன்னு கொண்டு வந்திருந்தா (நிஜ விடை −33.0) முறை சரி, தப்பு முன்னாடியிருந்து வந்தது, அதுக்கு மார்க் தர்ற வழக்கம் பல இடத்துல உண்டு. அந்த வரியை மட்டும் குறிப்பிட்டுக் கேளுங்க. ஆனா "ரெண்டுலயும் ΔG மைனஸ்தானே, தானா நடக்கும்ங்கற முடிவு ஒண்ணுதானே"ன்னு வாதாடாதீங்க. ΔH, ΔS ரெண்டும் மாறலன்னு வெச்சா நிஜத்துல சுமார் 464 K-க்கு மேல ΔG பிளஸ் ஆயிடும், உங்க கணக்குப்படி எந்த வெப்பநிலையிலயும் ஆகாது.

கேள்வி: 10 லிட்டர்ல இருந்து 20 லிட்டர், 1 மோல், அதே வெப்பநிலை. −nR ln(V₁/V₂)-ன்னு ஆரம்பிச்சு 5.76 J/K கொண்டு வந்தேன், ஃபார்முலா சைன் தப்புன்னு அடிச்சிட்டாங்க.

பதில்: நீங்க எழுதினது சரி. ln(10/20) = −0.693, முன்னாடி இருக்கற மைனஸ் அதைப் பிளஸ் ஆக்கிடுது. திருத்தறவங்க வேகத்துல முதல் மைனஸை மட்டும் பார்த்திருப்பாங்க. −ln(V₁/V₂) = ln(V₂/V₁)-ன்னு ஒரே வரி எழுதி முழு மார்க்கும் கேளுங்க.