கொடுத்த ராஜினாமாவைத் திருப்பிக் கேட்பது எப்படி?

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு இறக்குமதிக் கம்பனியில் கணக்குப் பகுதியில் இருக்கிறேன். ஆகஸ்டில் ஐந்து வருடம் நிறையும். ஜூன் 3ஆம் திகதி கோபத்தில் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். கடைசி நாள் ஜூலை 3. இப்போது போக மனமில்லை. மனேஜருக்கு வட்ஸ்அப்பில் இப்படி எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன்: “சேர், சொறி. அண்டைக்கு டென்ஷன்ல குடுத்திட்டன். வீட்டிலயும் ஒரே ஏச்சு. அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பாக்காம விடேலுமா? ஆள் எடுத்திட்டீங்கள் எண்டா பரவாயில்ல சேர்.” அனுப்பலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அனுப்பாதீர்கள், தங்கச்சி. கடிதத்தை மீளப் பெறுகிறேன் என்ற சொல்லே அதில் இல்லை. “பாக்காம விடேலுமா” என்றால், சரி பார்ப்போம் என்று அவர் சொல்லிவிட்டு மறந்துவிடலாம். கடிதம் உங்கள் கோப்பில் அப்படியே கிடக்கும். கடைசி வரியோ, மறுப்பதற்கான பதிலை நீங்களே அவர் வாயில் வைப்பது போல இருக்கிறது. வீட்டு ஏச்சு அவருக்குத் தேவையில்லாத சங்கதி.

கடிதம் அவர் கைக்குப் போய்விட்டதால் இனி கம்பனியின் சம்மதம் வேண்டும். ஆகவே இன்றே நேரில் இரண்டு நிமிடம் பேசுங்கள். கோபத்துக்குக் காரணமான விஷயத்தையும் அங்கேயே வாயால் சொல்லுங்கள், எழுத்தில் வேண்டாம். பிறகு இதை மின்னஞ்சலில் அவருக்கு அனுப்பி, மனிதவளப் பிரிவுக்கும் ஒரு பிரதி போடுங்கள்:

“விடயம்: இராஜினாமாவை மீளப் பெறல்

மதிப்புக்குரிய ஐயா,
ஜூன் 3ஆம் திகதி நான் கையளித்த இராஜினாமாக் கடிதத்தை மீளப் பெற விரும்புகிறேன். அது அவசரத்தில் எடுத்த முடிவு. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். தற்போதைய பதவியிலேயே, சேவைக்காலம் முறியாமல் தொடர அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜூலை 3க்கு முன்னர் உங்கள் முடிவை எழுத்தில் அறியத்தரவும்.”

மன்னிப்பு ஒரே வரிதான், அது போதும். ஆனால் ‘சேவைக்காலம் முறியாமல்’ என்ற சொற்களை எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நிறைந்தால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் உங்களுக்கு உரியது. கடைசிச் சம்பளம் 80,000 ரூபாய் என்று வைத்தால், ஐந்து வருடத்துக்கு 2 லட்சம். உங்களுக்கு அது இன்னும் சில வாரத் தூரத்தில்தான் நிற்கிறது.

சில இடங்களில், “பரவாயில்லை, புதுசாகச் சேர்ந்துகொள்ளுங்கள்” என்று அன்பாகவே சொல்லி, புது நியமனக் கடிதம் நீட்டுவார்கள். அதில் புதிய சேர்ந்த திகதியும் தகுதிகாண் காலமும் இருந்தால், உங்கள் ஐந்து வருடம் மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ணப்படலாம். கையெழுத்து வைக்காமல், பழைய கடிதம் மீளப் பெறப்பட்டது, பழைய நியமனமே தொடர்கிறது என்று ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள்.