நண்பர் தள்ளுபடி கேட்டால் எப்படி மறுப்பது? கேள்வி பதில்

சிங்கப்பூரில் சிராங்கூன் ரோடு பக்கம் கல்யாண அலங்காரம் செய்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், வேறு தொழில்காரர்கள் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூட நண்பன். தங்கச்சி கல்யாணத்துக்கு மணவறை 2,400 வெள்ளி என்றேன். "இருபது பர்சென்ட் குறைடா, நான் என்ன வெளியாளா?" என்கிறான். நானும் அலங்காரத் தொழில்தான், புதுசு. என்ன சொல்ல?

முதலில் உங்களுக்கே ஒரு கணக்கு போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாய் தானாக "சரிடா" என்று சொல்லிவிடும். உதாரணத்துக்கு, பூ 700, ராத்திரி கட்டவும் மறுநாள் கழற்றவும் நான்கு ஆளுக்கு 560, லாரி 180, துணி சலவையும் தேய்மானமும் 260, சாமான் வைக்கும் இடத்து வாடகையில் இந்த வேலையின் பங்கு 200. ஆக 1,900 போய்விட்டது, கையில் நிற்பது 500. அவன் கேட்கிற இருபது சதவீதம் 480. அதாவது இரண்டு நாள் உழைப்புக்கு உங்களுக்கு இருபது வெள்ளி. அவன் கேட்பது விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று அவன் நினைக்கிறான், உண்மையில் உங்கள் கூலியைக் கிட்டத்தட்ட முழுவதும் கேட்கிறான். இந்தக் கணக்கை அவனிடம் காட்ட வேண்டாம். காட்டினால் "பூ எதுக்கு 700, தேக்காவில் நான் வாங்கித் தரேன்" என்று ஆரம்பிப்பான், பேச்சு முடியாது.

அடுத்தது, அன்றைக்கே சொல்லுங்கள், அதுவும் போன் போட்டு. "பார்த்துச் சொல்றேன்டா" என்று இரண்டு நாள் இழுத்தால், அவன் அதற்குள் வீட்டில் "நம்ம பையன்தான், குறைச்சிடுவான்" என்று சொல்லியிருப்பான், அதற்குப் பிறகு நீங்கள் மறுத்தால் அவன் பெண்டாட்டி முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும். உறவு கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டு நாளில்தான், மறுத்ததால் அல்ல.

சொல்வது இவ்வளவு போதும்: "மச்சான், இதே வேலைக்கு யாருக்கும் விலை குறைக்கிறதில்லை, என் சொந்த அக்காவுக்கும் இதே விலைதான். பட்ஜெட் எவ்வளவு சொல்லு, அதுக்குள்ள அடங்குற மாதிரி டிசைனை மாத்தித் தரேன்." அக்கா விஷயம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். "பார்ட்னர் ஒத்துக்க மாட்டார்" என்று மட்டும் வேண்டாம், "அவர் நம்பர் குடு, நான் பேசுறேன்" என்பான்.

டிசைன் மாற்றுவது என்றால் வெறும் பேச்சாக இருக்கக் கூடாது. மேலே தொங்கும் பூச்சரத்தை எடுத்துவிட்டுத் துணி மடிப்பு போட்டால் பூவில் 350 மிச்சம், ஓர் ஆள் குறைவதால் 140 மிச்சம், செலவு 1,410 ஆகிறது. விலை 1,950 சொல்லலாம், கையில் 540 நிற்கும். அவனுக்கு 450 வெள்ளி குறைகிறது, உங்களுக்கு ஒன்றும் போகவில்லை. நாளைக்கு அவன் சொந்தக்காரர் வந்து "அவனுக்கு மட்டும் 1,950ஆ?" என்றால், போட்டோவைக் காட்டி அதே வேலை அதே விலை என்று சொல்லிவிடலாம். குறைந்தது வேலை, விலை அல்ல என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதுதான் முக்கியம்.

யீஷூனில் வீட்டிலிருந்தே ரவிக்கை தைக்கிறேன். தோழி ஒருத்தி வாட்ஸ்அப் குரூப்பில் எல்லார் முன்னாலும் "வாடகையா கரண்டா, உனக்கென்ன செலவு, எனக்குப் பாதி விலைதானே" என்று போட்டுவிட்டாள். சிரிக்கும் பொம்மை வேறு.

குரூப்பில் பதில் எழுதாதீர்கள் தங்கச்சி, அங்கே எழுதினால் அது அத்தனை பேருக்கும் சொன்ன பதில். தனியாகக் கூப்பிட்டு, "லைனிங் ரவிக்கைக்கு எல்லாருக்கும் ஒரே விலைதான்டீ" என்று சிரித்துக்கொண்டே முடித்துவிடுங்கள். செலவு பற்றி வாதாட வேண்டாம், அவள் கேலிக்கு விலை நிர்ணயிக்கிற உரிமையைக் கொடுத்த மாதிரி ஆகும்.

மனசு கேட்கவில்லை என்றால் முழு விலை வாங்கி, சேலைக்கு ஃபால்ஸ் அடித்துச் சும்மா கொடுங்கள். ஆனால் அவள் விலைக்கு ஒத்துக்கொண்ட பிறகு. பேரம் நடக்கும்போதே சொன்னால் அதுவும் தள்ளுபடிதான், அடுத்த முறை ஃபால்ஸும் வேண்டும் பாதி விலையும் வேண்டும் என்பாள்.

நான் இதற்கெல்லாம் கஷ்டப்படுவதே இல்லை. ஏசி சர்வீஸ் செய்கிறேன். நண்பன் என்றால் முதலிலேயே இருபது வெள்ளி ஏற்றிச் சொல்வேன், அப்புறம் அதைக் குறைப்பேன். அவனும் சந்தோஷம் நானும் சந்தோஷம்.

பேரம் பேசியே தீருகிற ஆளுக்கு இடம் விட்டு வைப்பது தப்பில்லை, அதுவரை சரி. ஆனால் உங்கள் நண்பனும் அவன் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே புளோக். "எனக்கு ஸ்பெஷல் விலை" என்று அவன் பெருமையாகச் சொல்லும்போது அவர் கொடுத்ததும் அதே விலை என்று தெரிந்தால், நீங்கள் விலையை மறுத்ததைவிட மோசம்.

*அவருடைய மறுபதில்: "அண்ணே, பல வருஷமா யாருக்கும் தெரியலை."* சரி, நல்லது. நான் செய்ய மாட்டேன்.

பழைய நண்பர், 2,000 வெள்ளி வேலை. "தள்ளுபடி வேண்டாம், ஜிஎஸ்டி மட்டும் போடாதே" என்கிறார். இது ஒன்றும் பெரிய விஷயம் இல்லையே?

நீங்கள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்தவரா, அதுதான் கேள்வி. பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. பதிவு செய்தவர் என்றால், 2024 முதல் 9 சதவீதம், அவர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நீங்கள் கட்டியாக வேண்டும். மொத்தமே 2,000 தான் வாங்கினால் அதற்குள் வரி 165 வெள்ளி 14 காசு இருக்கிறது. ஆக அவர் கேட்பது தள்ளுபடியேதான், உங்கள் பையிலிருந்து. பில் இல்லாமல் ரொக்கமாக என்று சொன்னால் அதற்குள் போகவே போகாதீர்கள். "வரி என் காசு இல்லண்ணே, எங்கிட்ட குறைக்க ஒண்ணும் இல்லை" என்று சொல்லிவிடலாம். இந்த ஒரு மறுப்புக்கு யாரும் கோபித்துப் பார்த்ததில்லை.

போன தீபாவளிக்கு மச்சினிச்சிக்கு கூடைப் பரிசு பாதி விலைக்குக் கொடுத்தேன். இப்போது அவள் தோழிகள் மூன்று பேர் அதே விலை கேட்கிறார்கள்.

இந்த மூவரிடமும் "அது குடும்பத்துக்குள் கொடுத்த பரிசு" என்று சொன்னால் போதும், உண்மையும் அதுதான். சிக்கல் மச்சினிச்சிதான். அடுத்த ஆர்டர் வரும் முன்பே, பில் போடும் நேரத்தில் அல்ல, முழு விலை என்னவென்று அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். இனிமேல் குறைத்துக் கொடுத்தால் பில்லில் முழு விலையைப் போட்டு, கீழே "அன்பளிப்பு" என்று தனி வரியில் கழியுங்கள். பாதி விலையை மட்டும் எழுதினால் அவளுக்கு அதுதான் விலை.

என் நண்பன் புகைப்படக்காரன். என் மகள் பூப்பு நீராட்டு விழாவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்க நினைக்கிறேன். எப்படிக் கேட்டால் மறுக்க மாட்டான்?

கேள்வியை மாற்றி அனுப்பிவிட்டீர்கள் போல! இருந்தாலும் சொல்கிறேன். உங்கள் தொகையைச் சொல்லி, "இதுக்கு எத்தனை மணி நேரம் எடுப்பே?" என்று கேளுங்கள். ஆல்பம் வேண்டாம், படங்கள் மட்டும் போதும் என்றால் அவனே குறைத்துச் சொல்வான்.

தொழில் ஆரம்பித்தபோது ஒருவர் எனக்கு வட்டியில்லாமல் 5,000 வெள்ளி கொடுத்தார், திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது வருஷா வருஷம் அலுவலக விருந்துக்குப் பாதி விலை கேட்கிறார். மறுக்கலாமா?

இதற்கு என்னிடம் நேரான பதில் இல்லை. கடன் தீர்ந்தது, நன்றி தீரவில்லை என்று அவரும் நீங்களும் ஒரே மாதிரி நினைத்தால் வருஷம் ஒரு முறை செய்துவிட்டுப் போகலாம், எத்தனை பேருக்கு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள். ஆனால் நீங்கள் சொல்வது அலுவலக விருந்து. பணம் கொடுத்தவர் அவர், சாப்பிடப் போவது கம்பெனி. அங்கே எனக்கு உறுத்துகிறது. அவர் வீட்டு விசேஷத்துக்கு என்றால் நான் செய்வேன், கம்பெனிக்கு முழு பில் அனுப்புவேன். வேறு மாதிரி செய்தவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள்.