ஜரிகை ஏன் சாம்பலானது?

கேள்வி: தங்கை நிச்சயதார்த்தப் படத்தில் அரக்குச் சிவப்புப் பட்டுப்புடவையை மட்டும் கலரில் விட்டு, மற்றதைக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். ஜரிகை சாம்பலாகிவிட்டது, உதடும் கன்னமும் நிறத்தோடு நிற்கின்றன. மொபைல் ஆப் சரியில்லையா?

பதில்: ஆப்பைத் திட்டாதீர்கள். அது நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. ‘சிவப்பை வை, மற்றதை எடு’ என்றீர்கள். ஜரிகை மஞ்சள், போய்விட்டது. உதடு சிவப்பு; நம் தோலோ, மாநிறமானாலும் சிவப்பானாலும், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஆரஞ்சுப் பக்கம் விழும் நிறம். அதனால் இரண்டும் தங்கிவிட்டன. புடவை என்பது ஒரு நிறம் இல்லை, படத்தில் ஓர் இடம். இடத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

போட்டோஷாப்பில் Layer > New Adjustment Layer > Black & White கொடுங்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளையாகும். அந்த லேயரோடு வரும் வெள்ளைக் கட்டம்தான் மாஸ்க். அதைச் சொடுக்கிவிட்டு, கறுப்பு பிரஷ்ஷால் புடவை மேல் பூசினால் அங்கே மட்டும் நிறம் திரும்பும், ஜரிகையும் சேர்ந்து. கை தவறித் தோலில் பட்டால் X விசையைத் தட்டி வெள்ளையால் பூசுங்கள், அழிந்துவிடும். பூசி முடித்ததும் Alt விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க்கைச் சொடுக்குங்கள். மாஸ்க் மட்டும் தனியாகத் தெரியும். மடிப்புக்குள் விட்டுப்போன வெள்ளைப் பொட்டுகள் அப்போதுதான் கண்ணில் படும்.

தோளில் விழும் முடியை இழை இழையாகப் பிரிக்க மெனக்கெட வேண்டாம். கறுப்பு முடியில் நிறமே குறைவு. பிரஷ் மேலே ஏறினாலும் பெரும்பாலும் தெரியாது. உழைப்பு வேண்டிய இடம் கழுத்துச் சங்கிலியும் வளையலும். புடவை மேல் கிடக்கும் தங்கம் கலரில் நின்றால் ஜரிகையோடு குழம்பிவிடும். 200 சதவீதம் பெரிதாக்கி, சின்ன பிரஷ்ஷால் அவற்றை வெள்ளை பூசிச் சாம்பலாக்குங்கள். முந்தானை கையைத் தொடும் ஓரத்தையும் அங்கேயே பாருங்கள். பட்டின் சிவப்பு தோலில் அடித்திருக்கும். பூச்சு ஒரு நூல் வெளியே போனாலும் கையில் கீறல் விழுந்த மாதிரி சிவப்புக் கோடு தெரியும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, அப்புறம் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் கோடு திரும்பி வரலாம். ஜேபெக் படத்தைச் சுருக்கும்போது வெளிச்சத்தைவிட நிறத்தைத்தான் அதிகம் குறைக்கும், ஓரத்துச் சிவப்பு பக்கத்துச் சாம்பலில் கசியும். தங்கைக்கு டாக்குமெண்டாக அனுப்புங்கள்.